ஃபோமெபிசோல் மெத்தனாலை எடுப்பதில்லை, அமிலமாக விடுவதில்லை

கேள்வி: சார், நான் தண்டையார்பேட்டை. எம்எல்டி படிக்கிறேன். மெத்தனால் விஷத்துக்கு ஃபோமெபிசோல்தான் முறிவு மருந்து என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அது மெத்தனாலை உடம்பில் இருந்து எடுக்காது என்றும் சொல்கிறார்கள். எடுக்கவில்லை என்றால் எப்படிக் காப்பாற்றுகிறது? கண் மங்கி வந்தவருக்கு மட்டும் ஏன் அவ்வளவாகப் பலன் தெரிவதில்லை?

பதில்:

மெத்தனால் உடம்புக்குள் போனதும் செய்யும் கெடுதல் குறைவுதான். போதை, தலைசுற்றல், வயிற்றுப் புரட்டல், அவ்வளவே. சாதாரணச் சாராயத்தைவிடப் போதைகூடக் கம்மி. கல்லீரல் அதைப் பிடித்து வேறு பொருளாக மாற்றிய பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. ஃபோமெபிசோல் அந்த மாற்றத்தின் முதல் படியை நிறுத்துகிறது. மெத்தனால் மெத்தனாலாகவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், சுற்றட்டும். அதை வெளியே எடுப்பது டயாலிசிஸின் வேலை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது: கண் மங்கி வருபவரிடம் மாற்றம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும், தடுக்க அதிகம் மிச்சமில்லை.

சரி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்லீரலில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுவது அதுதான். ஃபார்மால்டிஹைடு ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது, அடுத்த நொதிகள் அதை உடனே ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். அங்கே வந்துதான் வண்டி நிற்கிறது. ஃபார்மிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி வெளியேற்ற ஃபோலேட் வைட்டமினின் செயல்படும் வடிவம் வேண்டும். மனிதக் கல்லீரலில் அது குறைவு. எலிக்கு நிறைய இருக்கிறது, அதனால் எலிக்கு மெத்தனால் கொடுத்தால் கண் போவதில்லை, ரத்தமும் புளிப்பதில்லை. ஆரம்ப கால ஆராய்ச்சிகளில் பலருக்கும் இது குழப்பமாக இருந்தது. குரங்குகளில் சோதித்த பிறகுதான் குற்றவாளி ஃபார்மிக் அமிலம் என்பது உறுதியானது. 1975இல் வந்த குரங்கு ஆய்வு ஒன்றில், இன்று நாம் ஃபோமெபிசோல் என்று சொல்லும் 4-மெத்தில்பைரசோலைக் கொடுத்தபோது அந்த அமிலம் சேரவில்லை.

ஃபார்மிக் அமிலம் இரண்டு விதமாக அடிக்கிறது. முதலாவது, அது அமிலம் என்பதாலேயே, ரத்தத்தில் அமிலத்தைச் சமாளிக்கும் பைகார்பனேட்டைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது அடைக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் இருக்கிறது, ரத்தத்திலும் இருக்கிறது, செல்லால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. கண் நரம்பு, மூளையில் புட்டமென் என்ற பகுதி ஆகியவை முதலில் அடிபடுகின்றன. செல்கள் ஆக்சிஜன் இல்லாத வழியில் சக்தி தேடும்போது லாக்டிக் அமிலமும் கூடச் சேர்ந்து, ரத்தம் இன்னும் புளிக்கிறது.

இனி நொதிக்கு வருவோம். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸின் உள்ளே ஒரு பள்ளம், அதன் அடியில் ஒரு துத்தநாக அணு. வேலை ஒரு வரிசைப்படி நடக்கிறது. முதலில் என்ஏடி என்ற துணைப்பொருள் வந்து உட்காரும். அதன் பிறகே ஆல்கஹால் உள்ளே வந்து தன் ஆக்சிஜன் முனையால் துத்தநாகத்தைப் பற்றும். பற்றியதும் ஆல்கஹாலில் இருந்து ஒரு ஹைட்ரஜன், தன் எலெக்ட்ரான் ஜோடியோடு, பக்கத்தில் தயாராக இருக்கும் என்ஏடி மீது தாவும். மெத்தனாலாக வந்தது ஃபார்மால்டிஹைடாகப் போகும், என்ஏடி தன் பங்குக்கு என்ஏடிஹெச் ஆகும்.

ஃபோமெபிசோல் ஒரு சின்ன வளையம். அதில் இரண்டு நைட்ரஜன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. என்ஏடி உட்கார்ந்த பிறகு இது உள்ளே நுழைந்தால், ஒரு நைட்ரஜன் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு நைட்ரஜன் என்ஏடியில் ஹைட்ரஜன் தாவி விழ வேண்டிய அதே இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆல்கஹாலை வரவேற்க நொதி செய்துவைத்த அத்தனை ஏற்பாட்டையும் இது தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் இதனிடம் கொடுப்பதற்கு ஹைட்ரஜன் கிடையாது, அதனால் வினை நடப்பதில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோலத்தான்: துண்டு எந்த ஊருக்கும் போகப்போவதில்லை, ஆனால் சீட் காலியில்லை. பைரசோல் வகைப் பொருள்களுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1960களில் கண்டறிந்தது ஹ்யூகோ தியோரெல் ஆய்வுக்குழு. நொதிகள் பற்றிய வேலைக்காக 1955இலேயே நோபல் வாங்கியவர் அவர்.

இந்த ஒட்டுதல் நிரந்தரமானது அல்ல. மருந்து வரும், போகும், மீண்டும் வரும். இது போட்டித் தடுப்பு. அப்படியானால் மெத்தனால் நிறைய இருந்தால் மருந்தைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கொள்கையளவில் நுழையலாம்தான். ஆனால் கணக்குப் போட்டால் பயம் போய்விடும்.

மெத்தனாலுக்கு இந்த நொதியின் மேல் பிடிப்பு ரொம்பச் சுமார். நொதி பாதி வேகத்தில் ஓட வேண்டும் என்றாலே லிட்டருக்குச் சில மில்லிமோல் மெத்தனால் தேவை. 7 என்று வைத்துக்கொள்வோம். ஃபோமெபிசோலின் தடுப்பு மாறிலியோ, அதாவது நொதியில் பாதியை அடைக்கத் தேவையான அளவோ, லிட்டருக்குச் சுமார் 0.1 மைக்ரோமோல். ரத்தத்தில் மருந்து 10 மைக்ரோமோல் இருந்தால், அது அந்த மாறிலியைப் போல 100 மடங்கு. போட்டித் தடுப்பின் வழக்கமான சூத்திரப்படி மெத்தனாலின் 7 மில்லிமோல் 101ஆல் பெருக்கப்பட்டு 700ஐத் தாண்டிவிடும். ரத்தத்தில் 35 மில்லிமோல் மெத்தனால் இருக்கும் நோயாளி மோசமான நிலையில் உள்ளவர். மருந்து இல்லாமல் அவருடைய நொதி உச்ச வேகத்தில் 83 சதவீதத்தில் ஓடும். 10 மைக்ரோமோல் மருந்து இருந்தால் அது 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த 10 மைக்ரோமோலைத்தான் குறைந்தபட்ச இலக்காக வைக்கிறார்கள், லிட்டருக்கு சுமார் 0.8 மி.கி. முதல் டோஸ் கொடுத்ததும் ரத்தத்தில் இருப்பது இதைப் போலப் பல மடங்கு. அளவு தப்பிவிடுமோ என்று மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லாததற்குக் காரணம் இந்தப் பெரிய இடைவெளிதான்.

எத்தனாலைக் கொண்டும் இதே நொதியை அடைக்கலாம். மெத்தனாலைவிட எத்தனாலை நொதி கூடுதலாக விரும்பும், அதனால் எத்தனால் இருக்கும்வரை மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். ஃபோமெபிசோல் எங்கும் எளிதில் கையிருப்பில் இருக்கும் மருந்து அல்ல என்பதால் இந்த வழி இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் எத்தனால் நொதியைத் தடுப்பதோடு நிற்காமல் தானும் அதில் எரிந்து தீர்ந்துபோகும். ரத்தத்தில் 100 முதல் 150 மி.கி. வரை, அதாவது ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்துக்கும், விடாமல் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை, அடிக்கடி டோஸ் மாற்றம். நோயாளி போதையில் கிடப்பார், சர்க்கரை இறங்கும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகலாம், நினைவு தவறினால் அது மெத்தனாலாலா எத்தனாலாலா என்று சொல்ல முடியாது. இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே ஒரு குவார்ட்டரை ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆட்கள்தான், ஆனால் எண்கள் இப்படித்தான் வரும். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை செய்யும் சேகர், அவருடைய மச்சான் முருகன். இருவரும் 60 கிலோ. யாரோ கொடுத்த ஒரே கேன். சேகர் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் குடித்தார். ஞாயிறு பகலில் உடம்பு வலி, வாந்தி. ராத்திரி கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றார், மூச்சு வாங்கியது, 11 மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடித்து 30 மணி நேரம். அதே கேனில் மிச்சம் இருந்ததை முருகன் ஞாயிறு ராத்திரி 8 மணிக்குக் குடித்திருக்கிறார். சேகரின் நிலையைப் பார்த்த முருகனின் மனைவி அவரையும் அதே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். முருகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்ல, என்னை எதுக்கு இழுத்தாந்தே” என்று சண்டை போடுகிறார்.

முதலில் முருகனின் ரிப்போர்ட். சோடியம் 138, குளோரைடு 104, பைகார்பனேட் 21. சோடியத்தில் இருந்து மற்ற இரண்டையும் கழித்தால், நாம் அளக்காத எதிர்மின் அயனிகளைக் காட்டும் ஆனயன் இடைவெளி 13. ஏறக்குறைய இயல்பு. பிஹெச் 7.36. இதை மட்டும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றே தோன்றும். அடுத்தது ஆஸ்மோலாலிட்டி. ரத்தத்தில் எத்தனை துகள்கள் இருக்க வேண்டும் என்று நாம் கணக்குப் போடுவது ஒன்று, கருவி அளப்பது இன்னொன்று. கணக்கு இதுதான்:

2 × சோடியம் + குளுக்கோஸ் ÷ 18 + யூரியா ÷ 6

குளுக்கோஸ் 108, யூரியா 30. ஆக 276 + 6 + 5 = 287. கருவி காட்டியது 322. இடைவெளி 35. வழக்கமாக இது மைனஸ் 10க்கும் பிளஸ் 10க்கும் நடுவில்தான் இருக்கும். நம் கணக்கில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ரத்தத்தில் கரைந்திருக்கிறது. மெத்தனாலின் மூலக்கூறு எடை 32 என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் 3.2 மி.கி. என்று பெருக்கினால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 112 மி.கி. மெத்தனால். அது முழுவதும் மெத்தனால்தான் என்று வைத்துக்கொண்டால். எத்தனாலும் கலந்திருந்தால் அதன் பங்கை அளந்து கழிக்க வேண்டும்.

நீங்கள் லேப் ஆள் என்பதால் இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் யூரியாவுக்குப் பதில் அதன் நைட்ரஜனைப் போட்டு 2.8ஆல் வகுப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலான லேப்கள் முழு யூரியாவையே தருகின்றன, அதை 6ஆல் வகுக்க வேண்டும். 30ஐ 2.8ஆல் வகுத்தால் 5க்குப் பதில் 11 வந்துவிடும், இடைவெளி 6 புள்ளி குறைந்து தெரியும். எல்லைக்கோட்டில் இருக்கும் நோயாளியை அது தப்பவிட்டுவிடும். இரண்டாவது, ஆஸ்மோமீட்டர் உறைநிலையை வைத்து அளப்பதாக இருக்க வேண்டும். ஆவியழுத்த முறைக் கருவியில் மெத்தனால் ஆவியாகிப் போய்விடும், ரத்தத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் எண் வரும். உங்கள் பயிற்சி லேபில் எந்த வகை இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.

முருகனின் 112 மி.கி.யை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவர் உடம்பில் மெத்தனால் பரவும் நீர் சுமார் 39 லிட்டர். அதில் ஏறக்குறைய 44 கிராம் மெத்தனால். தூய திரவமாகச் சொன்னால் 55 மில்லி, பாதி டீ கிளாஸ். ஒரு மெத்தனால் மூலக்கூறு ஒரு ஃபார்மிக் அமில மூலக்கூறாகும் என்பதால், இது மொத்தமும் மாறினால் 1,370 மில்லிமோல் அமிலம். 60 கிலோ ஆளின் உடம்பில் அமிலத்தைச் சமாளிக்க இருக்கும் பைகார்பனேட் கையிருப்பு சுமார் 700 மில்லிமோல். ஃபார்மிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தும் போகும்தான், ஆனால் உருவாகும் வேகத்துக்கு எரியும் வேகம் ஈடுகொடுக்காது. சண்டை போட்டுக்கொண்டிருக்கும் முருகனுக்குள் இருப்பது, இன்னும் அமிலமாகாத அந்த 1,370 மில்லிமோல்.

இவருக்குத்தான் ஃபோமெபிசோல் முழுப் பலன் தரும். முதல் டோஸ் கிலோவுக்கு 15 மி.கி., ஆக 900 மி.கி. மருந்து ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்ற அடர்த்தியில் வருகிறது. 0.9 மில்லி எடுத்து, குறைந்தது 100 மில்லி சலைனில் கலந்து, அரை மணி நேரம் ட்ரிப்ஸாக ஏற்றுவார்கள். நேராக நரம்பில் குத்தினால் நரம்பு புண்ணாகும். 25 டிகிரிக்குக் கீழே இந்த மருந்து உறைந்து கெட்டியாகிவிடும் என்பது ஒரு வேடிக்கை. மே மாதத்து ராயபுரத்தில் அந்தப் பேச்சே இல்லை, ஆனால் ஏசி ஓடும் மருந்தறையில் குப்பிக்குள் கட்டியாக இருக்கும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினாலோ கைக்குள் வைத்திருந்தாலோ இளகிவிடும், வீரியம் குறையாது.

அப்புறம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 10 மி.கி., அதாவது 600 மி.கி., 4 டோஸ். அதன் பிறகும் தேவைப்பட்டால் மறுபடி 900. இறக்கியதை ஏன் ஏற்றுகிறார்கள்? ஃபோமெபிசோல் கல்லீரலில் தன்னையே உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. இரண்டு நாளில் அந்த நொதி பெருகி, மருந்து முன்னைவிட வேகமாகத் தீர ஆரம்பிக்கும். ஈடுகட்டத்தான் டோஸை உயர்த்துகிறார்கள்.

இந்த இடத்தில் உங்கள் முதல் சந்தேகம் திரும்ப வருகிறது. நொதி அடைபட்டதும் மெத்தனால் எங்கே போகும்? அதுதான் சிக்கல், கிட்டத்தட்ட எங்கும் போகாது. சிறுநீரகம் மெத்தனாலை மிகக் கொஞ்சமே வெளியேற்றும், மூச்சில் கொஞ்சம் போகும். ஃபோமெபிசோல் கொடுத்த நிலையில் ரத்தத்தில் மெத்தனால் பாதியாகச் சராசரியாக 54 மணி நேரம் ஆகிறது. மருந்தை நிறுத்தப் பாதுகாப்பான அளவு 20 மி.கி.க்குக் கீழே. முருகனின் 112இல் இருந்து அங்கே வர இரண்டரை முறை பாதியாக வேண்டும், ஐந்தரை நாள். ஐந்தரை நாளும் 12 மணிக்கொரு முறை விலை கூடிய மருந்து, படுக்கை, கண்காணிப்பு. நடுவில் ஒரு டோஸ் தப்பினால் நொதி விழித்துக்கொள்ளும், விட்ட இடத்தில் இருந்து அமிலம் உருவாகத் தொடங்கும்.

அதனால் இவருக்கு டயாலிசிஸும் தேவை. ஃபோமெபிசோல் கொடுத்திருந்தாலும் 70 மி.கி.க்கு மேல் இருந்தால் டயாலிசிஸ் செய்யலாம் என்பது 2015இல் வந்த சர்வதேசப் பரிந்துரை. டயாலிசிஸில் மெத்தனால் சுமார் 3 மணி நேரத்தில் பாதியாகும். ஐந்தரை நாள் வேலை 8 மணி நேரத்தில் முடியும். ஆனால் ஃபோமெபிசோலும் சின்ன மூலக்கூறு என்பதால் டயாலிசிஸ் அதையும் சேர்த்து இழுத்துவிடும். எனவே அந்த நேரத்தில் 12 மணி என்பதை 4 மணி ஆக்க வேண்டும். நடைமுறையில் தவறு நடக்கக்கூடிய இடம் இதுதான். வார்டு தாளில் 12 மணிக்கு ஒரு முறை என்று எழுதியிருக்கும், நோயாளி டயாலிசிஸ் அறையில் இருப்பார், மருந்து வெளியே போய்க்கொண்டிருப்பது யாருக்கும் தோன்றாது. டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் திசுக்களில் தங்கியிருந்த மெத்தனால் ரத்தத்துக்குத் திரும்பி அளவு சற்று ஏறும் என்பதால், ஒரு முறை 20க்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது, மறுபடியும் அளக்க வேண்டும்.

இனி சேகர். சோடியம் 136, குளோரைடு 100, பைகார்பனேட் 6. ஆனயன் இடைவெளி 30. பிஹெச் 7.02. குளுக்கோஸ் 126, யூரியா 36, கணக்கிட்ட ஆஸ்மோலாலிட்டி 285, கருவி காட்டியது 297. இடைவெளி 12 மட்டுமே.

இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முருகனுக்கு ஆஸ்மோல் இடைவெளி பெரிது, ஆனயன் இடைவெளி இயல்பு. சேகருக்குத் தலைகீழ். ஏனென்றால் மெத்தனாலுக்கு மின்னேற்றம் இல்லை, அது நம் சூத்திரத்தில் எங்கும் வராது, அதனால் ஆஸ்மோல் இடைவெளியில் மட்டும் தெரியும். அதுவே ஃபார்மிக் அமிலத்தின் மின்னேற்றம் பெற்ற வடிவமான ஃபார்மேட் ஆகிவிட்டால் பைகார்பனேட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தோடு நிற்கும். சோடியத்தை இரண்டால் பெருக்கும்போதே அது கணக்கில் சேர்ந்துவிடும், ஆஸ்மோல் இடைவெளி சுருங்கும், ஆனயன் இடைவெளி விரியும். விஷம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மெத்தனாலை நேரடியாக அளக்கும் வசதி இல்லாத இடத்திலும் இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

சேகரின் மெத்தனால் பெரும்பாலும் அமிலமாகிவிட்டது. ஃபோமெபிசோல் ஃபார்மிக் அமிலத்தைத் தொடாது, அடைபட்டுக் கிடக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸையும் விடுவிக்காது. அப்படியிருந்தும் அவருக்கும் கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும். 12 என்ற இடைவெளிக்குள்ளேயே 30, 40 மி.கி. மெத்தனால் ஒளிந்திருக்கலாம். சிலருக்கு இயல்பான இடைவெளியே மைனஸில் இருக்கும், அவர்களிடம் இன்னும் அதிகமாகவே மறைந்திருக்கும். 40 மி.கி. என்பது லிட்டருக்கு 12 மில்லிமோலுக்கு மேல். பைகார்பனேட் 6இல் நிற்பவருக்கு அதில் பாதி அமிலமானாலே தாங்காது.

ஆனால் சேகரைப் பொறுத்தவரை முக்கியமான சிகிச்சை வேறு. முதலில் பைகார்பனேட். பிஹெச்சை உயர்த்துவது வெறும் எண்ணைச் சரிசெய்வதற்காக இல்லை. மின்னேற்றம் இல்லாத ஃபார்மிக் அமிலம் செல்லுக்குள் எளிதாக நுழையும், ஏற்றம் பெற்ற ஃபார்மேட் அவ்வளவு எளிதாக நுழையாது. பிஹெச் 7.02இல் நுழையக்கூடிய வடிவத்தின் பங்கு 7.4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ரத்தம் புளிக்கப் புளிக்கக் கண் நரம்புக்குள் அதிக அமிலம் போகிறது, அது இன்னும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது, பிஹெச் மேலும் இறங்குகிறது. பைகார்பனேட் அந்தச் சுற்றை உடைக்கிறது. அடுத்தது ஃபோலினிக் அமிலம், கிலோவுக்கு 1 மி.கி., அதிகபட்சம் 50 மி.கி. வரை, சில மணி நேரத்துக்கு ஒரு முறை. நம் கல்லீரலின் பழைய குறையை ஈடுகட்டி ஃபார்மேட்டை எரிக்க உதவும். கூடவே டயாலிசிஸ், அது மெத்தனாலோடு ஃபார்மேட்டையும் எடுக்கும். பிஹெச் 7.15க்குக் கீழே, ஆனயன் இடைவெளி 24க்கு மேல், பார்வைக் கோளாறு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே டயாலிசிஸ் என்பது பரிந்துரை. சேகருக்கு மூன்றும் இருக்கிறது.

இவ்வளவும் செய்தால் பிஹெச் சில மணி நேரத்தில் ஏறிவிடும். பார்வை அதோடு சேர்ந்து திரும்பும் என்று சொல்ல முடியாது. சக்தி இல்லாமல் தவித்த கண் நரம்பு வீங்கியிருந்தால் நாள்பட மீளலாம். நரம்பு இழைகள் செத்திருந்தால் எந்த மருந்தும் அவற்றைத் திருப்பித் தராது. 2001இல் வெளிவந்த, 11 மெத்தனால் நோயாளிகளுக்கு ஃபோமெபிசோல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 9 பேர் பிழைத்தார்கள். இறந்த இருவரும் வரும்போதே மூளை பாதிக்கப்பட்டிருந்தவர்கள். மெத்தனால் விஷத்துக்கு இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000இல். உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2013இல்.

மூன்றாவது வகை ஆள் ஒருவர் உண்டு. அந்தக் கேனில் குடித்துவிட்டு, மேலே ஒரு குவார்ட்டர் பிராந்தியும் போட்டவர். பிராந்தியின் எத்தனால் நொதியைப் பிடித்துக்கொள்ளும், மெத்தனால் அதுவரை அப்படியே காத்திருக்கும். இவர் மறுநாள் காலைவரை, சில சமயம் மதியம்வரைகூட நன்றாக இருப்பார். எத்தனால் தீர்ந்ததும்தான் ஆரம்பிக்கும். “நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தான்” என்று வீட்டில் சொல்வது பொய்யல்ல. ஒரே கேனில் குடித்தவர்களில் ஒருவர் படுத்துவிட்டால் மற்ற எல்லாரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, ஸ்டான்லிக்கோ சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.ஹெச்சுக்கோ உடனே கொண்டுபோவது இதற்காகத்தான். மருந்து அதிகம் செய்யக்கூடியது நன்றாக இருப்பவருக்குத்தான். இவருக்கு முதல் ரிப்போர்ட்டில் ஆஸ்மோல் இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும், அதில் எத்தனாலின் பங்கும் சேர்ந்திருப்பதால். “இது சரக்கு இடைவெளிதான்” என்று ஒதுக்கிவிடாமல், எத்தனாலைத் தனியாக அளந்து, அந்த எண்ணை 4.6ஆல் வகுத்துக் கழித்த பிறகும் என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். ஒமிப்ரசோல் என்று வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த இரண்டு பெயர்களும் குழம்பி, அரசியல் பேச்சு வரைக்கும் போனது. ஒமிப்ரசோல் இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். கல்லீரலில் உருவாகும் ஃபார்மிக் அமிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோரிக்கைச் சீட்டை வாங்கும்போது எழுத்தை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். ஒன்று மாத்திரையாக டப்பாவில் வரும், மற்றது ஒன்றரை மில்லிக் குப்பியில் ஊசி மருந்தாக வரும்.